செயலாளர் தேர்தலில் 1, 2, 3: எண்ணும் மேஜையில் என்ன நடக்கிறது?

பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பக்கம் 240 ஃப்ளாட் கொண்ட ஒரு குடியிருப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் பதவி ஒன்றுதான், நிற்பவர்கள் நான்கு பேர். ஒருவர் காவேரி நீர் இணைப்பை முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் விசிட்டர் பார்க்கிங்கைச் சீர்செய்வேன் என்கிறார். மூன்றாமவர் மெயின்டனன்ஸ் பணத்தின் கணக்கை மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன் என்கிறார். நான்காமவருக்கு லிஃப்ட் ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும். பெயர் சொன்னால் குழம்பும். அவரவர் வாக்குறுதியையே பெயராக வைத்துக்கொள்ளலாம்: காவேரி, பார்க்கிங், கணக்கு, லிஃப்ட்.

பாக்கி இல்லாமல் ஓட்டுரிமை உள்ள ஃப்ளாட்கள் 198. ஓட்டுப் போட்டவை 151. செல்லாதவை 4 போக, செல்லுபடியானவை 147. முதல் எண்ணிக்கையில் காவேரிக்கு 52, பார்க்கிங்குக்கு 43, கணக்குக்கு 33, லிஃப்டுக்கு 19. வழக்கமான முறையாக இருந்தால் இதோடு கதை முடிந்தது, காவேரிக்கு மாலை. ஆனால் 147-ல் 95 வீடுகள் அவரை முதலாவதாக நினைக்கவில்லை. அந்த 95 வீடுகளுக்கு அவர் இரண்டாவது விருப்பமா, கடைசி விருப்பமா? ஒரே ஒரு டிக் போட்ட சீட்டில் அதற்குப் பதில் கிடையாது. வேட்பாளர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுதும் விருப்ப வரிசை வாக்கு அந்தக் கேள்வியைச் சீட்டிலேயே கேட்டுவிடுகிறது.

இந்த முறை பெங்களூருக்குப் புதிதல்ல. கர்நாடகத்தில் சட்ட மேலவை இருக்கிறது. பட்டதாரித் தொகுதியிலோ ஆசிரியர் தொகுதியிலோ ஓட்டுப் போட்டவர்கள், சாவடியில் கொடுத்த ஊதா ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1986-லேயே மேலவை போய்விட்டதால், அங்கிருந்து வந்த பலருக்கு இந்த அனுபவம் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலும் இதே கணக்குதான். 1969-ல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் சஞ்சீவ ரெட்டியைவிட 87,967 வாக்கு மதிப்பு முன்னே இருந்தும், தேவையான 418,169-ஐ எட்டவில்லை. மூன்றாமிடத்தில் இருந்த சி.டி. தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போனது. கடைசியில் கிரி 420,077, ரெட்டி 405,427. முன்னிலை 14,650 ஆகச் சுருங்கியும் கிரி தப்பித்தார்.

நம் குடியிருப்புக்குத் திரும்புவோம். எண்ணும் மேஜையில் நான்கு வேட்பாளருக்கு நான்கு தட்டு, அதோடு இன்னும் இரண்டு: ஒன்று செல்லாதவைக்கு, மற்றது தீர்ந்தவைக்கு. தீர்ந்த சீட்டு என்றால், எழுதியிருந்த விருப்பங்கள் எல்லாம் முடிந்துபோய், களத்தில் மிச்சமிருக்கும் யாருக்கும் எண் இல்லாத சீட்டு. அது செல்லாத சீட்டு அல்ல. ஒரு சுற்றிலோ பல சுற்றிலோ எண்ணப்பட்டு, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்ற சீட்டு. இரண்டையும் ஒரே தட்டில் போட்டால் மாலையில் கணக்கு நேராகாது.

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் கடைசியில் நிற்கும் லிஃப்ட் வெளியேறுகிறார். அவருடைய 19 சீட்டுகளை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடுத்த எண் யாருக்கு என்று பார்க்கிறார்கள். 12 கணக்குக்கு, 3 பார்க்கிங்குக்கு, 2 காவேரிக்கு. 2 சீட்டில் "1" தவிர வேறெதுவும் இல்லை. அவை தீர்ந்தவைத் தட்டுக்கு. மற்ற மூவரின் சீட்டுகளை யாரும் தொடுவதில்லை. புதிதாக எண்ணுபவர்கள் இடறும் இடம் இதுதான்: எல்லாச் சீட்டின் இரண்டாம் விருப்பத்தையும் கூட்டிப் பார்க்கலாமே என்று ஒருவர் ஆரம்பிப்பார். அப்படிக் கூட்டினால் அது வேறொரு முறை. தன் முதல் விருப்பக்காரர் இன்னும் களத்தில் இருக்கும்போதே ஒருவரின் இரண்டாம் விருப்பம் அந்த முதல் விருப்பக்காரருக்கே எதிராக எண்ணப்பட்டுவிடும்.

இப்போது காவேரி 54, பார்க்கிங் 46, கணக்கு 45, தீர்ந்தவை 2. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கணக்கு கடைசி. அவர் வெளியேறுகிறார். அவர் தட்டில் இருக்கும் 45 சீட்டும் பிரிகின்றன: அவருடைய சொந்த 33, லிஃப்டிலிருந்து வந்த 12. இதில் 26 பார்க்கிங்குக்கு, 13 காவேரிக்கு, 6 தீர்ந்தவை.

| | சுற்று 1 | சுற்று 2 | சுற்று 3 |
|---|---|---|---|
| காவேரி | 52 | 54 | 67 |
| பார்க்கிங் | 43 | 46 | 72 |
| கணக்கு | 33 | 45 | – |
| லிஃப்ட் | 19 | – | – |
| தீர்ந்தவை | 0 | 2 | 8 |
| மொத்தம் | 147 | 147 | 147 |

பார்க்கிங் வெற்றி. கீழ்வரிசையில் ஒவ்வொரு சுற்றிலும் 147 வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ஒரு சீட்டு தட்டு மாறிவிட்டது அல்லது கீழே விழுந்துவிட்டது. 25 சீட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, மேலே எந்தச் சுற்றில் யாரிடமிருந்து வந்தது என்று துண்டுச்சீட்டு செருகி வைத்தால், தவறு எங்கே என்று ஐந்து நிமிடத்தில் பிடிபடும். சீட்டின்மேல் மட்டும் எதுவும் எழுதக் கூடாது.

ஆனால் மொத்தம் சரியாக வந்தும் முடிவு தவறாகப் போக ஒரு வழி உண்டு. கணக்கின் சொந்த 33 சீட்டில் 9 சீட்டில் இரண்டாம் விருப்பம் லிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் ஏற்கெனவே வெளியேறிவிட்டார். அவரைத் தாண்டி மூன்றாம் எண்ணைப் பார்க்க வேண்டும். அதில் 7 பார்க்கிங்குக்கு, 2 காவேரிக்கு. நேரமாகிவிட்ட அவசரத்தில் "இரண்டாவது ஆள் இல்லை, அப்போ தீர்ந்தது" என்று ஒருவர் அந்த 9 சீட்டையும் தீர்ந்தவைத் தட்டில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? காவேரி 65, பார்க்கிங் 65, தீர்ந்தவை 17. கூட்டினால் அதே 147! தாளில் குறையே தெரியாது, ஆனால் வெற்றி பெற வேண்டியவர் சமநிலையில் நின்றுவிடுவார். ஆகவே தீர்ந்தவைத் தட்டை மட்டும் ஒவ்வொரு சுற்று முடிவிலும் வேறொருவர் மறுபடி புரட்ட வேண்டும். அங்கே இருக்கும் எந்தச் சீட்டிலும் களத்தில் உள்ளவருக்கு எண் இருக்கக் கூடாது.

முடிவு அறிவித்ததும் காவேரி தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து கேட்பார்: "147-ல் பாதிக்கு மேல் என்றால் 74. இவர் வாங்கியது 72. எப்படி வெற்றி?" நியாயமான கேள்வி. பதில் முன்கூட்டியே விதியில் இருந்தால் இரண்டு வரியில் முடியும். இல்லாவிட்டால் சண்டை பதிவாளர் அலுவலகம் வரை போகும்.

இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் தீர்ந்தவற்றைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் சீட்டில் பாதிக்கு மேல் என்பது. மூன்றாம் சுற்றில் மிச்சம் 139, தேவை 70, பார்க்கிங் தாண்டிவிட்டார். இன்னொன்று, நம் குடியரசுத் தலைவர் தேர்தல் விதி போல: தேவையான எண்ணிக்கையை முதலிலேயே நிர்ணயித்துவிட்டு, அதை எட்டியவரோ, யாரும் எட்டாவிட்டால் கடைசியில் களத்தில் தனியாக மிஞ்சியவரோ வெற்றி பெற்றவர் என்பது. இங்கே நான்காவது படியாகக் காவேரியும் கழிக்கப்பட்டு, பார்க்கிங் தனியாக மிஞ்சுகிறார். விடை இரண்டிலும் ஒன்றுதான். வெறுமனே "செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவர்" என்று எழுதிவிட்டு அதற்குப் பின் எதுவும் சொல்லாத துணைவிதிதான் ஆபத்து. அதன்படி பார்த்தால் இந்தத் தேர்தலில் யாருமே ஜெயிக்கவில்லை.

தீரும் சீட்டைத் தவிர்க்க எல்லா வேட்பாளருக்கும் எண் போட்டே ஆக வேண்டும் என்று விதிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான்கு பேரில் இருவரை யாரென்றே தெரியாத வீட்டுக்காரர் அப்போது மேலிருந்து கீழாக வரிசையாக எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். சீட்டில் பெயர் மேலே அச்சாகியிருப்பவருக்கு அது இலவச லாபம். நம் நாட்டு விதிப்படி முதல் விருப்பம் கட்டாயம், மற்றவை விருப்பம்போல. சங்கத்துக்கும் அதுவே போதும். பெயர் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வதும் நல்லது.

இனி அந்த 4 செல்லாத சீட்டுகளைப் பார்ப்போம். ஒன்று வெற்றுச் சீட்டு. ஒன்றில் இருவருக்கு எதிரே "1". மீதி இரண்டில் கணக்குக்கு நேரே எண்ணுக்குப் பதில் டிக் மட்டும். போட்டவரின் மனசு தெளிவாகவே தெரிகிறது. ஆனால் தேர்தல் அதிகாரி எண் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்.

ஒதுக்காமல் டிக்கை "1" ஆக எடுத்திருந்தால்? செல்லுபடியானவை 149, தேவை 75. இரண்டாம் சுற்றில் கணக்கு 47, பார்க்கிங் 46. வெளியேறுவது இப்போது பார்க்கிங். அவருடைய 46 சீட்டில் அடுத்த விருப்பம் 30 கணக்குக்கு, 7 காவேரிக்கு, 9 தீர்ந்தவை. கணக்கு 77, காவேரி 61. கணக்கு வெற்றி, அதுவும் பாதியைத் தாண்டி. ஆக, ஒற்றை ஓட்டு முறையில் காவேரி, டிக்கை ஒதுக்கினால் பார்க்கிங், டிக்கை ஏற்றால் கணக்கு. சீட்டுகள் மாறவில்லை, வீட்டுக்காரர்கள் மனதும் மாறவில்லை.

டிக்கை ஏற்பதா ஒதுக்குவதா என்பதில் சரி, தவறு என்று ஒன்றுமில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் எண் மட்டுமே. ரோமன் எண்ணானாலும், இந்திய மொழி எண்ணானாலும் செல்லும் (தமிழில் ௧, ௨ என்று எழுதினாலும் சரி), எழுத்தால் "ஒன்று" என்று எழுதினால் செல்லாது. ஒரு குடியிருப்புச் சங்கம் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. "ஒரே பெயருக்கு எதிரே மட்டும் டிக் இருந்து, வேறெங்கும் குறி இல்லாவிட்டால் அது முதல் விருப்பம்" என்று விதியில் சேர்ப்பது நல்லது என்பது நம் அபிப்பிராயம். முதியவர்கள் பலர் பழக்கத்தில் டிக் போடுவார்கள். ஆனால் எது ஆனாலும் பெட்டி திறப்பதற்கு முன் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் 46, 45 என்று தெரிந்த பிறகு அந்த இரண்டு சீட்டைக் கையில் எடுப்பவர் எந்த முடிவு சொன்னாலும் அது ஒருவரை ஜெயிக்க வைக்கும் முடிவாகிவிடும்.

அதேபோல எழுதி வைக்க வேண்டியவை இன்னும் இரண்டு. 1-க்குப் பிறகு 2 இல்லாமல் நேராக 3 போட்ட சீட்டு: நம் தேர்தல் விதிகளின்படி எண் விட்டுப்போன இடத்தோடு அது தீர்ந்தது, 1 மட்டும் செல்லும். 2 என்பதை இருவருக்குப் போட்டிருந்தாலும் அப்படியே. அடுத்து, கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் முதல் விருப்பம் குறைவாக வாங்கியவர் வெளியே, அதிலும் சமமென்றால் குலுக்கல். நம் உதாரணத்தில் டிக் சீட்டு இரண்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று இருந்து ஏற்கப்பட்டிருந்தால் 46-க்கு 46 ஆகியிருக்கும், முதல் விருப்பம் 43-க்கு 34, கணக்குதான் வெளியேறியிருப்பார். நேரே குலுக்கல் என்று எழுதியிருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கவனித்திருப்பீர்கள், கணக்கு என்பவரின் கதை கொஞ்சம் வேறு. இரண்டாம் சுற்றில் மிச்சமிருந்த மூவரில் இருவர் இருவராக மோதவிட்டுப் பார்ப்போம். கணக்கும் பார்க்கிங்கும் மட்டும் நின்றால், காவேரியின் 54 சீட்டில் அடுத்த விருப்பம் கணக்குக்கு 36, பார்க்கிங்குக்கு 7, எதுவும் இல்லை 11 என்று இருந்தது என்று கொள்வோம். கணக்கு 81, பார்க்கிங் 53. கணக்கும் காவேரியும் மட்டும் என்றால் முன்பே பார்த்த சீட்டுகளின்படி கணக்கு 75, காவேரி 61. இருவரையுமே தனித்தனியாகத் தோற்கடிக்கக் கூடியவர், மூவரும் சேர்ந்து நின்றபோது ஒரு ஓட்டில் வெளியேறுகிறார். பலருக்கு இரண்டாவதாகப் பிடித்தவர், சிலருக்கே முதலாவதாகப் பிடித்தவர். இந்த முறை எண்ணுவதோ முதலில் முதல் விருப்பத்தைத்தான்.

இது தாளில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகர மேயர் தேர்தல் 2009-ல் இந்த முறையில் நடந்தது. முதல் சுற்றில் முன்னே நின்றவர் ரைட், கடைசியில் ஜெயித்தவர் கிஸ். ஆனால் இருவரில் யாரோடு தனியாக நின்றாலும் ஜெயித்திருக்கக் கூடிய மான்ட்ரோல், அவர்களுக்கு முன்பே கழிக்கப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டே அந்த நகரம் இந்த முறையைக் கைவிட்டது. பிறகு திரும்பக் கொண்டுவந்தது.

குடியிருப்பில் இதற்கு என்ன செய்யலாம்? சீட்டுகள் 150 அளவுதான் என்பதால் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு, எல்லாரையும் தனித்தனியே வெல்பவர் இருந்தால் அவரே செயலாளர் என்று விதி வைக்க முடியும். நான்கு பேருக்கு ஆறு ஜோடி. கையால் எண்ண ஒரு பகல் போகும். அப்படி ஒருவர் இல்லாமலும் போகலாம், அப்போது கடைசியில் நிற்பவரைச் சுற்றுக்குச் சுற்று வெளியேற்றும் கழிப்பு முறைக்கே திரும்ப வேண்டும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கழிப்பு முறை கண்ணால் பார்த்துப் புரியும். ஜோடி ஒப்பீட்டைப் புரியவைக்கப் போர்டும் சாக்பீஸும் வேண்டும். நான்கு பேர், ஒரு பதவி என்றால் கழிப்பு முறையே போதும். எட்டு பேர் நின்று, முதல் விருப்பங்கள் சில்லறையாகச் சிதறும் என்று தெரிந்தால் மட்டும் மற்றதை யோசிக்கலாம்.

பெங்களூரில் இன்னொரு சிக்கல். சில சங்கங்களில் ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு ஓட்டு. வேறு சிலவற்றில் நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்குக்கேற்ப ஓட்டின் எடை. கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1972-ன்கீழ் அமைந்ததா, சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-ன்கீழ் பதிவானதா, துணைவிதி என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது அது. எடை உண்டென்றால் ஒவ்வொரு சீட்டிலும் சதுர அடிக் கணக்கை எழுதிவிட முடியாது. அந்த எண்ணைப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடலாம், ரகசியம் போயிற்று. இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு ஒரு நிறம், மூன்றுக்கு வேறு நிறம் என்று வகைக்கொரு நிறச் சீட்டு அடித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரே எடை வைத்தால் சரியாகும். குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்குப் பச்சை, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு என்று கொடுப்பதும் இந்தக் காரணத்தையொட்டித்தான். ஒரு நிறத்தில் மூன்றே வீடுகள் வருமானால் அதை அடுத்த வகையோடு சேர்க்கப் பொதுக்குழுவின் சம்மதம் வாங்க வேண்டும். எடை எண்ணும்போது தட்டில் சீட்டு எண்ணிக்கையையும் எடைக் கூட்டலையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் தவறு பிடிபடும்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்காகக் கூகுள் ஃபார்ம் வைப்பவர்கள், கேள்வி வகையை `Multiple choice grid` என்று வைத்து, வரிசைகளில் வேட்பாளர் பெயரையும் நெடுக்கில் 1, 2, 3, 4 என்றும் போடுவார்கள். மூன்று புள்ளியைத் தட்டி `Limit to one response per column` என்பதை இயக்கினால் இருவருக்கு "1" போடுவது தடுக்கப்படும். `Require a response in each row` என்பதை இயக்க வேண்டாம்; இயக்கினால் எல்லாருக்கும் எண் போடாமல் அனுப்ப முடியாது. மின்னஞ்சல் முகவரியைச் சேகரித்தால் யார் எதைப் போட்டார் என்பது ஃபார்ம் வைத்திருப்பவருக்குத் தெரியும் என்பதால், வேட்பாளரோ அவர் வீட்டாரோ அந்தக் கணக்கைக் கையாளக் கூடாது.

துணைவிதியில் "அதிக வாக்குப் பெற்றவர்" என்று இருக்கும்போது சுற்றறிக்கை ஒன்றை மட்டும் நம்பி இந்த முறையில் தேர்தல் நடத்தினால், தோற்றவர் அந்த வரியையே காட்டுவார். முந்தைய பொதுக்குழுவில் திருத்தம் நிறைவேற்றி, பதிவுக்கு அனுப்ப வேண்டியதையும் அனுப்பிவிட்டு, அடுத்த தேர்தலிலிருந்து அமலாக்க வேண்டும். திருத்தத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை விருப்பம் கட்டாயம், எந்தக் குறி செல்லும், விட்டுப்போன எண், சமநிலை, தீர்ந்த சீட்டுக்குப் பிறகு பாதி என்பதன் பொருள், மறு எண்ணிக்கை எப்போது. கடைசியதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள தூரத்தை மட்டும் பார்க்காமல், ஏதாவது ஒரு சுற்றில் வெளியேறியவருக்கும் அவருக்கு நேர் மேலே நின்றவருக்கும் உள்ள தூரம் செல்லாத சீட்டுகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அந்தச் சுற்றிலிருந்து மறுபடி எண்ணுவது. நம் தேர்தலில் தூரம் 1, செல்லாதவை 4. முடிவு அறிவிக்கும் முன்பே தட்டுகளை இரண்டாம் சுற்றுக்குத் திருப்பி அடுக்கியிருக்க வேண்டும்.